மெரூன் தரைக்கு எந்தத் திரைச்சீலை?

"சேலம் அஸ்தம்பட்டியில் வீடு, கூடத்தில் மெரூன் டைல்ஸ். பச்சைத் திரை கண்ணைக் குத்துகிறது, கிரீம் சோபா ரோஜா நிறமாகத் தெரிகிறது. எதை மாற்றுவது?"

திரையை மட்டும் மாற்றுங்கள். வெளுக்காத பருத்தியின் கோரா நிறமோ சாம்பல் கலந்த மணல் நிறமோ பொருந்தும்.

பச்சை சிவப்புக்கு எதிர் நிறம் என்பதால், அருகருகே இருக்கும்போது ஒன்றையொன்று தூக்கிக் காட்டுகின்றன. சோபாவின் சாயலுக்குக் காரணம் பெரும்பாலும் துணியன்று. சன்னல் வெளிச்சம் தரையில் பட்டுச் சிவப்பேறி, சோபாவின் கீழ்ப்பகுதியில் தெறிக்கிறது. பகலில் விளக்கை அணைத்துவிட்டு, சோபாவின் முன் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பாருங்கள். சாயல் குறைந்தால், அங்கே சணல் நிற விரிப்பு ஒன்று போட்டாலே தீர்ந்துவிடும். குறையாவிட்டால் சுவர் வண்ணத்தைச் சந்தேகியுங்கள்.

நான்கு குஷன்களில் மூன்று சாம்பல் நீலத்தில் இருக்கட்டும். ஒன்று மட்டும் மெரூனாக இருக்கலாம், ஆனால் தரையைவிடத் தெளிவாக அடர்ந்திருக்க வேண்டும். ஏறக்குறைய ஒத்த நிறம், பொருத்த முயன்று தவறியதுபோலத் தெரியும்.

கடை வெளிச்சத்தை நம்பித் திரைத்துணியை முடிவு செய்யாதீர்கள். ஒரு மீட்டர் மட்டும் வாங்கிச் சன்னலில் தொங்கவிட்டு, காலையிலும் மாலையிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் கோரா இன்னும் மஞ்சளாகிவிடும், 4000 கெல்வினில் அவ்வளவாக மாறாது.