பொன்விதி: சுவரில் ஒரே வரி போதுமா?

"எங்கள் பள்ளியின் நுழைவுச் சுவரில், எல்லா மதங்களும் சொல்லும் பொன்விதியை எழுதப்போகிறோம். கையில் கிடைத்த பட்டியலில் மகாபாரதம் 5:1517, தால்முத் சபாத் 31அ, மத்தேயு 7:12, புகாரி 13, தம்மபதம் 129, குறள் 316 என்று இருக்கிறது. இந்த எண்கள் சரியா? எல்லாம் சொல்வது ஒன்றுதானே, 'உனக்கு வேண்டியதைப் பிறர்க்குச் செய்' என்று தமிழில் ஒரே வரியாக எழுதிவிடலாமா?" (ஓர் ஆசிரியை)

எண்களில் மகாபாரதத்தை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே வரியாக எழுத வேண்டாம். நீங்கள் தரும் அந்த வரி உங்கள் பட்டியலில் மத்தேயுவில் மட்டும்தான் இருக்கிறது. மகாபாரதம், தால்முத், குறள் மூன்றும் "செய்யாதே" என்கின்றன. தம்மபதம் "கொல்லாதே" என்கிறது. புகாரியில் வருவது செயலே இல்லை, "விரும்புவது". ஆறையும் ஒரே வாக்கியமாக்கினால் ஐந்து நூல்களின் பெயரில் அவை சொல்லாத ஒன்றை எழுதியதாகிவிடும்.

மகாபாரதத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் சிதைந்திருப்பது அதுதான். 5:1517 என்ற எண் பர்வம் முழுவதற்கும் சுலோகங்களைத் தொடர்ச்சியாக எண்ணும் பழைய முறையைச் சேர்ந்தது. இன்றைய பதிப்புகளில் அத்தியாயம், சுலோகம் என்று பிரித்திருப்பதால், அந்த எண்ணை வைத்துத் தேடுபவருக்கு எதுவும் கிடைக்காது. உத்தியோக பர்வம், 39-ஆம் அத்தியாயம், விதுர நீதி என்று எழுதுங்கள். சுலோக எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், அதனால் அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அங்கே இருக்கும் சுலோகத்தின் முதல் பாதி இது: "ந தத் பரஸ்ய ஸந்தத்யாத் ப்ரதிகூலம் யதாத்மந:". தனக்குப் பிரதிகூலமானதைப் பிறனுக்குச் செய்யக்கூடாது. பிரதிகூலம் என்ற சொல் தமிழிலும் புழங்குவதுதான். கூலம் என்றால் கரை. கரைக்கு எதிராக என்பது அதன் நேர்ப்பொருள். பட்டியல்களில் வரும் மொழிபெயர்ப்புகள் இதை "வலி தருவது" என்று குறுக்கிவிடுகின்றன. சுலோகம் வலியை மட்டும் பேசவில்லை. என் போக்குக்கு எதிராக என்மேல் திணிக்கப்படும் எதுவும் இதில் அடங்கும்.

இன்னும் பெரிய இழப்பு இரண்டாம் பாதியில். "சுருக்கமாகச் சொன்னால் இதுவே தர்மம், மற்றது ஆசையிலிருந்து கிளம்புகிறது" என்று முடிகிறது சுலோகம். நான் பார்த்த சுவரொட்டிகளில் "இதுவே தர்மம்" இருந்தது, "ஆசை" காணாமல் போயிருந்தது. இதை யார் யாரிடம் சொல்கிறார் என்று பார்த்தால் அந்தச் சொல்லின் கனம் தெரியும். தூக்கம் வராமல் தவிக்கும் திருதராஷ்டிரனிடம், இரவில், விதுரர் சொல்கிறார். பாண்டவர்களின் பங்கைத் தன் மகன் பிடித்து வைத்திருப்பதை அனுமதித்துக்கொண்டிருக்கும் அரசன் அவன். அவனுக்கு தர்மம் தெரியாமல் இல்லை, மகன்மேல் உள்ள ஆசை விடவில்லை. இதே கருத்து, ஏறக்குறைய இதே சொற்களில், போர் முடிந்தபின் அநுசாசன பர்வத்தில் பிரகஸ்பதி யுதிஷ்டிரனுக்குச் சொல்வதாக மறுபடி வருகிறது. சுவருக்கு நான் விதுரர் சொன்னதைத்தான் எடுப்பேன். தவறு நடந்துகொண்டிருக்கும்போதே, அதைத் தடுக்கக்கூடியவனின் முகத்துக்கு நேரே சொன்னது அது.

அடுத்து, தால்முத்தும் மத்தேயுவும். இவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் நல்லது. தால்முத் என்பது யூத வேதமான தோராவுக்குப் பழைய ஆசிரியர்கள் சொன்ன விளக்கங்களின் தொகுப்பு. அதில் சபாத் 31அ-வில் ஒரு கதை. யூதரல்லாத ஒருவர் ஷம்மாய் என்ற ஆசிரியரிடம் போய், "நான் ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்துக்குள் தோரா முழுவதையும் கற்றுக்கொடுத்தால் உங்கள் மதத்தில் சேர்கிறேன்" என்கிறார். ஷம்மாய் கையிலிருந்த அளவுகோலால் அவரைத் தள்ளி விரட்டிவிடுகிறார். அவர் ஹில்லேல் என்ற இன்னொரு ஆசிரியரிடம் போகிறார். ஹில்லேல் அவரை ஏற்றுக்கொண்டு, "உனக்கு வெறுப்பானதை உன் தோழனுக்குச் செய்யாதே. தோரா முழுவதும் இதுதான். மற்றதெல்லாம் அதன் விளக்கம். போய்ப் படி" என்கிறார்.

அந்தக் கடைசி இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள். "போய்ப் படி" இல்லாவிட்டால், ஒரு வரி தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தேவையில்லை என்று ஹில்லேல் சொன்னதுபோல் ஆகிவிடும். அவர் சொன்னது அதற்கு நேர்மாறு. பள்ளிச் சுவரில் எழுதப்போகிறீர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மத்தேயு 7:12 தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் இப்படி இருக்கிறது: "ஆதலால், மனுஷர் உங்களுக்கு எவைகளைச் செய்ய விரும்புகிறீர்களோ, அவைகளை நீங்களும் அவர்களுக்குச் செய்யுங்கள், இதுவே நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசனங்களுமாம்." முடிவைப் பாருங்கள். நியாயப்பிரமாணம் என்பது தோராதான். ஹில்லேல் "தோரா முழுவதும் இதுதான்" என்றதும் இதுவும் ஒரே வகைப் பேச்சு. இரண்டும் ஒரே யூத மரபிலிருந்து வருபவை. மாறுவது வினைதான்: அங்கே "செய்யாதே", இங்கே "செய்யுங்கள்".

இந்த வேறுபாட்டை வகுப்பில் விளக்க ஒரு சாதாரணக் காட்சி போதும். மதிய உணவு நேரத்தில் ஒரு பையன் டிபன் கொண்டுவராமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் இருப்பவன் அவனைக் கேலி செய்யவில்லை, அவனுடைய எதையும் பறிக்கவில்லை. தன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டு முடித்துவிடுகிறான். "செய்யாதே" என்ற வடிவத்தைச் சொல்லளவில் எடுத்துக்கொண்டால் அவன் மீறியது எதுவும் இல்லை. "செய்யுங்கள்" என்ற வடிவத்தின்படி அவன் தன் சோற்றில் பாதியை நீட்டியிருக்க வேண்டும். மத்தேயுவில் இந்த வரிக்குச் சற்று முன்னால் வருவதும் சாப்பாடுதான்: அப்பம் கேட்கும் மகனுக்கு யார் கல்லைக் கொடுப்பான், மீனைக் கேட்டால் யார் பாம்பைக் கொடுப்பான் என்ற கேள்வி. "ஆதலால்" என்று தொடங்குவது அதைத் தொட்டுத்தான்.

ஆனால் "செய்யுங்கள்" வடிவத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தனக்குப் பிடித்தது மற்றவனுக்கும் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு, மீன் சாப்பிடாத பையனின் தட்டில் மீன் குழம்பை ஊற்றுபவனும் இந்த வரியைத்தான் பின்பற்றுகிறான். "பிரதிகூலமானதைச் செய்யாதே" என்ற வடிவம் இந்த இடத்தில் காப்பாற்றும். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று மாணவர்கள் முடிவு கட்டாமல் இருக்க, இரண்டு காட்சிகளையும் சேர்த்தே சொல்லுங்கள்.

லூக்கா 6:31-லும் ஏறக்குறைய இதே வாக்கியம் உண்டு. அங்கே அது "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்பதற்குப் பின்னால் வருகிறது. "பிறர்" என்ற சொல்லுக்குள் பகைவனும் வந்துவிடுகிறான். யாரைப் பிறர் என்கிறது என்பது ஒவ்வொரு நூலுக்கும் கேட்க வேண்டிய கேள்வி.

புகாரி என்ற நபிமொழித் தொகுப்பின் 13-ஆம் செய்தியில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. "தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பும்வரை உங்களில் எவரும் நம்பிக்கையாளராக மாட்டார்" என்பது அனஸ் இப்னு மாலிக் அறிவிக்கும் நபிமொழி. சகோதரன் என்றால் சக முஸ்லிமா, மனிதர் எவருமா? விளக்கம் எழுதியவர்களில் சிலர் மனித சகோதரத்துவம் என்றே விரித்துச் சொல்கிறார்கள். முஸ்லிம் என்ற அறிஞரின் நபிமொழித் தொகுப்பில் இதே செய்தி "சகோதரன், அல்லது அண்டை வீட்டார்" என்று வருகிறது. நீங்கள் மொழிபெயர்க்கும்போது "பிறர்" என்று மாற்றாமல் "சகோதரன்" என்றே வையுங்கள். விரிப்பது விளக்கத்தின் வேலை. வினையும் கவனிக்க வேண்டியது. பக்கத்து வீட்டுக்காரர் மகனுக்கும் என் மகனைப் போலவே நல்ல மதிப்பெண் வர வேண்டும் என்று உள்ளுக்குள் விரும்புகிறேனா என்பதுதான் இங்கே சோதனை. வெளியில் யாருக்கும் தெரியாத சோதனை அது.

இந்த வரிக்குக் கீழே "குர்ஆன்" என்று எழுதிவிடாதீர்கள், இது ஹதீஸ், அதாவது நபிமொழி. குர்ஆனிலிருந்தே ஒரு வரி வேண்டுமென்றால் 83-ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். மக்களிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, அவர்களுக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்கிறது. பொன்விதியின் வாக்கிய அமைப்பு அதில் இல்லை, ஆனால் அதன் தராசு அங்கே கண்ணெதிரே தொங்குகிறது. "வாணிகம் செய்வார்க்கு வாணிகம் பேணிப் பிறவும் தமபோல் செயின்" என்ற குறள் 120-ஐயும் இதோடு சேர்த்துப் படிக்கலாம்.

பௌத்த நூலான தம்மபதத்தின் 129 வேறு திசையில் போகிறது. எல்லோரும் தடிக்கு நடுங்குகிறார்கள், எல்லோரும் சாவுக்கு அஞ்சுகிறார்கள். தன்னை உவமையாக வைத்துப் பார்த்து, கொல்லாதே, கொல்லவும் வைக்காதே. இங்கே விருப்பம் பேசப்படவில்லை, பயம் பேசப்படுகிறது. ஒருவரின் விருப்பம் இன்னொருவருக்குப் புரியாமல் போகலாம்; ஓங்கிய தடியைக் கண்டு வரும் நடுக்கம் மாட்டுக்கும் நாய்க்கும் உண்டு. அதனால்தான் இந்த வரியில் விலங்குக்கும் இடம் இருக்கிறது. "கொல்லவும் வைக்காதே" என்பதை மொழிபெயர்ப்பில் விட்டுவிட வேண்டாம்.

குறளில் 316 சரிதான்: "இன்னா எனத்தான் உணர்ந்தவை துன்னாமை வேண்டும் பிறன்கண் செயல்." ஆனால் இடம் இருந்தால் இரண்டு குறள் தள்ளி 318-ஐயும் எழுதுங்கள்: "தன்னுயிர்க்கு இன்னாமை தானறிவான் என்கொலோ மன்னுயிர்க்கு இன்னா செயல்." முதலாவதில் "பிறன்" என்கிறார், இரண்டாவதில் "மன்னுயிர்" என்கிறார். ஒரே அதிகாரத்துக்குள், மனிதனிலிருந்து எல்லா உயிருக்கும் வட்டம் விரிகிறது. "உணர்ந்தவை" என்ற சொல்லும் முக்கியம்: தான் பட்டுத் தெரிந்துகொண்டதையே அளவாக வைக்கிறார்.

சரி, சுவருக்கு வருவோம். ஒவ்வொரு வரியின் கீழும் நூலின் பெயர், இடம், அதோடு யார் யாரிடம் சொன்னது என்பது தெரிந்தால் அதையும் சின்ன எழுத்தில் போடுங்கள்: "விதுரர், திருதராஷ்டிரனிடம்", "ஹில்லேல், மதம் மாற வந்தவரிடம்". மேலே தலைப்பாக "பொன்விதி" என்ற சொல்லை மட்டும் வைத்தால் போதும். அந்தப் பெயர் இந்த நூல்களில் எதிலும் இல்லை, பின்னால் வந்தவர்கள் வைத்தது. அதனால் எந்த நூலுக்கும் அது சொந்தமில்லை.

கன்பூசியஸையும் சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகச் சேருங்கள். வாழ்நாள் முழுவதும் கடைப்பிடிக்க ஒரே சொல் உண்டா என்று மாணவர் ட்சிகோங் கேட்க, "ஷூ" என்று சொல்லி, "தான் விரும்பாததைப் பிறர்மேல் சுமத்தாதே" என்று விளக்குகிறார். உரையாடல்கள் நூலின் 15-ஆம் இயல். சில பதிப்புகளில் 23, சிலவற்றில் 24 என்று எண் இருக்கும், இரண்டும் சரி. அதே நூலின் 5-ஆம் இயலில் அதே ட்சிகோங், மற்றவர் எனக்குச் செய்யக்கூடாததை நானும் மற்றவருக்குச் செய்ய விரும்பவில்லை என்கிறார். அதற்கு ஆசிரியர் சொல்லும் பதில்: "நீ இன்னும் அந்த இடத்தை எட்டவில்லை."