செவிலியர்களின் பயிற்சிச் சான்றிதழ் காலாவதியைப் பதிவுகளிலிருந்து எடுத்துக் கண்காணிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் சுமார் 200 செவிலியர்கள். பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். சான்றிதழ்கள் பிடிஎஃப் ஆக இருக்கின்றன, மற்ற பயிற்சிகள் எக்செல்லிலும் வருகைத் தாள்களிலும் கிடக்கின்றன. யாருக்கு எது காலாவதி ஆகிவிட்டது என்று தானாகக் காட்டும்படி எப்படிச் செய்வது?

பதில்:

முதலில் ஒரு முடிவு எடுங்கள்: கணக்கைச் சான்றிதழ்களிலிருந்து தொடங்கக் கூடாது. சான்றிதழ்களை மட்டும் வரிசைப்படுத்தினால், ஒருமுறையாவது பயிற்சி எடுத்தவர்கள்தான் பட்டியலில் வருவார்கள். பயிற்சியே எடுக்காதவருக்கு வரியே இருக்காது, அதனால் அவர் எந்தக் காலாவதிப் பட்டியலிலும் வரமாட்டார். பெரிய ஓட்டை இதுதான்.

ஆகவே இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று `Required`: எந்தப் பணியாளருக்கு எந்தப் பயிற்சி கட்டாயம் என்பது. ஐ.சி.யூ. செவிலியர் என்றால் பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ்., மருத்துவக் கழிவு மேலாண்மை என மூன்று வரிகள். ஏ.சி.எல்.எஸ். முடித்தால் பி.எல்.எஸ்.ஸும் புதுப்பித்த கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டுக்கும் தனித்தனி அட்டை, தனித்தனி வரி. வார்டிலிருந்து ஐ.சி.யூ.வுக்கு ஒருவரை மாற்றினால் அன்றே இங்கே வரி கூட வேண்டும். இரண்டாவது தாள் `Log`: முடித்த ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு வரி. புதுப்பித்தவருக்குப் பழைய வரியை அழிக்காமல் புது வரி சேருங்கள்.

`Log` தாளில் A பணியாளர் எண், B பயிற்சிக் குறியீடு, C சான்றிதழில் இருக்கும் தேதி அப்படியே எழுத்தாக, D அதையே தேதியாக மாற்றியது, E காலாவதி, F கோப்பின் பெயர். C-யை விட்டுவிடாதீர்கள். பின்னால் சந்தேகம் வந்தால் அது ஒன்றுதான் கை கொடுக்கும். பெயரை வைத்து இணைக்கவே வேண்டாம். இனிஷியல் ஒரு சான்றிதழில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். பிடிஎஃப்பைச் சேமிக்கும்போதே கோப்பின் பெயரில் பணியாளர் எண்ணைப் போட்டுவிடுங்கள்.

இனித் தேதி. தவறு அதிகம் நடக்கும் இடம் இது. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் அட்டையில் `Issue Date` மாதம்/நாள்/ஆண்டு என்ற வரிசையில் வரும். நம் கணினிகள் பெரும்பாலும் இந்திய அமைப்பில் இருப்பதால் எக்செல் அதை நாள்/மாதம் என்று படிக்கும். ஒரு அட்டையில் `03/11/2024` என்று இருக்கிறது என்று வையுங்கள். உண்மையில் அது மார்ச் 11. எக்செல்லுக்கு அது நவம்பர் 3. இந்த அட்டை வழங்கிய மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு, அந்த மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். ஆக உண்மையான காலாவதி 31 மார்ச் 2026, எக்செல் காட்டுவது 30 நவம்பர் 2026. எட்டு மாதம் அந்தச் செவிலியர் நடப்பில் இருப்பதாகவே தெரிவார், யாருக்கும் சந்தேகம் வராது. நாள் 12-ஐத் தாண்டினால் (`03/25/2024`) எக்செல்லால் படிக்க முடியாமல் எழுத்தாகவே விட்டுவிடும், கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இவை கண்ணில் படும், சரிசெய்வோம். மாறிப்போன மற்றவை அமைதியாகத் தங்கிவிடும்.

இதற்கு எக்செல்லிலேயே இருக்கும் பவர் குவெரி போதும். கொண்டுவரும்போது அது தானாகச் சேர்க்கும் `Changed Type` படியை நீக்கிவிட்டு, தேதி நெடுவரிசையில் வலது கிளிக் செய்து `Change Type` → `Using Locale` → `Date`, `English (United States)` கொடுங்கள். ஏற்கெனவே எக்செல்லில் கையால் அடித்து மாறிப்போனவற்றுக்கு இது உதவாது. அவற்றுக்கு பிடிஎஃப்பைத்தான் திறக்க வேண்டும்.

பிடிஎஃப்பில் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், `pdftotext` கட்டளையால் அதை வெளியே எடுக்கலாம்:

```
pdftotext -layout N0417_BLS.pdf -
```

தலைப்பு ஒரு வரியிலும் தேதி அடுத்த வரியிலும் வரலாம். அதனால் `Renew By` என்ற சொல்லை ஒட்டியே தேதி இருக்கும் என்று நம்பித் தேடாதீர்கள், அதன் கீழ்வரியையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்கேன் செய்த படமாக இருந்தால் ஓ.சி.ஆர். வேண்டும். அதில் 1-ம் 7-ம், 3-ம் 8-ம் மாறும்.

ஓ.சி.ஆர். பிழை, தேதி மாற்றம் இரண்டையும் ஒரே சோதனையில் பிடிக்கலாம். அட்டையில் `Renew By` மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். அதையும் தனியாக எடுத்து, `Issue Date`-இலிருந்து நீங்கள் கணக்கிட்டதோடு ஒப்பிடுங்கள். மேலே சொன்ன அட்டையில் `03/2026` என்று இருக்கும், உங்கள் கணக்கு நவம்பர் 2026 என்று வரும், உடனே மாட்டிக்கொள்ளும். பொருந்தாத வரிகளை மட்டும் ஒரு ஆள் அட்டையைத் திறந்து பார்த்தால் போதும். நாள் எண் மட்டும் தவறாகப் படிக்கப்பட்டிருந்தால் கவலை வேண்டாம், காலாவதி எப்படியும் மாதக் கடைசிதான்.

காலாவதி விதி பயிற்சிக்குப் பயிற்சி வேறு. பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ்.ஸுக்கு:

```
=EOMONTH(D2,24)
```

மருத்துவக் கழிவுப் பயிற்சிக்குச் சான்றிதழே இருக்காது, வருகைத் தாள் மட்டும்தான். 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி பணியில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவதும் தர வேண்டும். எனவே:

```
=EDATE(D2,12)
```

பிறகு `Required` தாள். அதில் A பணியாளர் எண், B பயிற்சிக் குறியீடு. C நெடுவரிசையில், அந்த நபருக்கு அந்தப் பயிற்சியில் உள்ள கடைசிக் காலாவதி:

```
=MAXIFS(Log!$E:$E,Log!$A:$A,A2,Log!$B:$B,B2)
```

D-யில் நிலை:

```
=IF(C2=0,"பதிவில்லை",IF(C2<TODAY(),"காலாவதி",
 IF(C2<=TODAY()+60,"புதுப்பிக்க","நடப்பில்")))
```

எந்தப் பதிவும் இல்லை என்றால் MAXIFS 0 தரும். எக்செல் அதை 00-01-1900 என்று காட்டும். அந்த 0-ஐத் தனியாகப் பிரிக்காவிட்டால் பயிற்சியே எடுக்காதவரும் காலாவதியானவரும் ஒரே குவியலில் விழுவார்கள். அவர்களுக்குச் செய்ய வேண்டியது ஒன்றல்ல. காலாவதியானவரை வகுப்புக்கு அனுப்ப வேண்டும். பதிவில்லாதவருக்கு, எடுத்த பயிற்சியைப் பதிவு செய்யாமல் விட்டோமா என்று முதலில் தேட வேண்டும். 60 நாள் என்பது என் அளவு. உங்கள் ஊரில் ஏ.சி.எல்.எஸ். வகுப்பு இடம் கிடைக்க அதிக நாள் ஆகும் என்றால் 90 ஆக்குங்கள். நீண்ட விடுப்பில் இருப்பவர்களை நீக்காமல் ஒரு குறி மட்டும் போடுங்கள், திரும்பும் நாளில் தேவைப்படும்.

சரிபார்க்கும்போது "காலாவதி" என்று வந்தவர்களைப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. தவறாக இருந்தால் அவர்களே வந்து சொல்வார்கள். "நடப்பில்" என்று வந்தவர்களில் 20 பேரைப் பொறுக்கி, அட்டையைத் திறந்து ஒப்பிடுங்கள். ஒன்று தவறினாலும், அதே கோப்பிலிருந்து வந்த எல்லா வரிகளையும் திரும்பப் பாருங்கள், ஏனென்றால் தேதி மாற்றம் ஒரு கோப்பில் நடந்தால் அதன் மற்ற வரிகளிலும் நடந்திருக்கும்.

கழிவு விதிகளின் கீழ் ஜூன் 30-க்குள் தரும் ஆண்டறிக்கையில், பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், பெறாதவர்கள் எத்தனை பேர் என்று இரண்டையும் கேட்பார்கள். அந்த இரண்டாவது எண்ணிக்கை வருகைத் தாளில் கிடைக்காது. `Required` தாளிலிருந்துதான் எடுக்க முடியும்.