கடைசி நான்கு பேர் யார்?

"நகரி, புத்தூர்ப் பக்கம் விசைத்தறியில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களிடம் காது மந்தம் பற்றிப் பண்புசார் ஆய்வு செய்கிறேன். அதிகபட்ச வேறுபாட்டு மாதிரி முறை. 20 நேர்காணல்கள் முடிந்துவிட்டன. கடைசி நான்கில் புதிதாக எதுவும் வரவில்லை. நிறுத்திவிடலாமா? வழிகாட்டி 30 பேர் வேண்டும் என்கிறார்."

அந்த நான்கு பேர் யார், யார் மூலமாக உங்களிடம் வந்தார்கள் என்று பாருங்கள். உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. இதை நான் பாலக்காட்டு எல்லையில் ஒரு தவற்றைச் செய்யப்போய்க் கற்றுக்கொண்டேன்.

சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்கள் ஆய்வு நடந்தது. பெயர் சித்தூர் என்றாலும் இது கேரளத்துச் சித்தூர், உங்கள் பக்கத்து ஆந்திரச் சித்தூர் அல்ல. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், பெரிய மருத்துவத்துக்குப் பொள்ளாச்சி அல்லது கோயம்புத்தூர் என்று வாழும் மக்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கத் தொடங்கியவர்கள் இடையில் ஏன் நிறுத்திவிடுகிறார்கள் என்பதே கேள்வி.

எங்களுடையதும் உங்களுடையதைப் போல, ஒருவருக்கொருவர் முடிந்தவரை வேறுபட்டவர்களைத் தேடிப் பேசும் மாதிரி முறைதான். எந்தெந்த வகையில் வேறுபட்டவர்களைத் தேடுவது என்று முதலில் உட்கார்ந்து யோசித்தோம். வயது, பாலினம், ரேஷன் அட்டையின் நிறம் ஆகியவை எளிதாகக் குறித்துக்கொள்ளக் கூடியவை. ஆனால் எளிதாகக் குறிக்க முடிவதாலேயே ஒன்று நல்ல அளவுகோல் ஆகிவிடாது. "இந்த ஒன்று மாறினால் மாத்திரை பற்றிய கதையே மாறுமா?" என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்த்து நான்கை வைத்துக்கொண்டோம். மருந்து எங்கிருந்து வருகிறது, என்ன வேலை, நோய் தெரிந்து எத்தனை ஆண்டுகள், மலையாளம் வாசிக்கத் தெரியுமா என்பவை அவை. இவற்றைப் பெருக்கினால் ஐம்பதுக்குப் பக்கமாகக் கட்டங்கள் வரும். எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. அப்படி நிரப்பினால் அது ஒதுக்கீட்டு முறையாகிவிடும். ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று பேராவது வர வேண்டும், அவர்கள் மற்ற வகைகளில் ஒருவரையொருவர் ஒத்திருக்கக் கூடாது. அது போதும்.

முதல் ஆறு நேர்காணல்களில் 38 குறியீடுகள், அதாவது பேச்சில் வந்த கருத்துகளுக்கு நாங்கள் இட்ட பெயர்கள், கிடைத்தன. அடுத்த ஆறில் புதிதாக 9. பிறகு 13ஆவதில் ஒன்றுமில்லை, 14இல் ஒன்று, 15இல் ஒன்றுமில்லை. கையில் ஒரு விளக்கமும் திரண்டிருந்தது: உடம்பில் தொந்தரவு தெரியாததால் குணமாகிவிட்டதாக நினைக்கிறார்கள்; மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அஞ்சுகிறார்கள்; செலவு கையைக் கடிக்கிறது. நிறுத்திவிடலாம் என்றே முடிவு செய்தேன்.

உடன் வேலை செய்தவர் ஒரு தாளை எடுத்து, பதினைந்து பேரின் பெயரெண்ணுக்கு நேரே "இவரை அறிமுகம் செய்தவர் யார்" என்று எழுதத் தொடங்கினார். 13, 14, 15 மூவரும் பெண்கள். மூவரையும் ஒரே ஆஷா பணியாளர் அழைத்து வந்திருந்தார். மூவரும் மாதந்தோறும் சுகாதார மையத்து வரிசையில் நிற்பவர்கள். அந்த அக்காவின் மேல் எந்தக் குறையும் இல்லை. பகல் பத்து மணிக்குக் கூப்பிட்டால் வரக்கூடியவர்களைத்தானே அவரால் கூட்டிவர முடியும்? ஆக, நாங்கள் கண்ட அமைதி ஒரு மூலையின் அமைதி. மற்ற மூலைகளில் நாங்கள் காது கொடுக்கவே இல்லை.

16ஆவது நபரை விடியற்காலைப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்தோம். கோயம்புத்தூருக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர். மாத்திரை உறைமேல் எழுதியிருந்த மலையாளத்தை வாசிக்க முடியாததால் நிறத்தை வைத்தே நினைவில் வைத்திருந்தார். ஒரு முறை வேறு நிறத்தில் மாத்திரை வந்ததும் அதைத் தொடவேயில்லை. ஐந்து புதிய குறியீடுகள். 17ஆவது நபர் கள் இறக்குபவர். சித்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் இந்தத் தொழில் பெரியது. மரம் ஏறும் நாள்களில் அவர் மாத்திரை போடுவதில்லை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, கண் இருட்டும். அவருக்கு அது தென்னையின் உச்சியில் ஒரு முறை வந்திருக்கிறது. "மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று யார் சொன்னது? ஏறாத நாளில் போடுகிறேனே" என்றார்.

அவரிடம் கிடைத்த புதிய குறியீடுகள் மூன்றுதான். ஆனால் அந்த மூன்றும் எங்கள் விளக்கத்தையே புரட்டிவிட்டன. மக்கள் மாத்திரையை "விட்டுவிடுவதாக" நாங்கள் நினைத்தது பலரிடத்தில் வேலை நாளுக்கும் ஓய்வு நாளுக்கும் ஏற்ப அவர்களே வகுத்துக்கொண்ட ஒரு முறை. பழைய பதினைந்து எழுத்துப்படிகளையும் திரும்ப வாசித்தோம். 4ஆவது நேர்காணலில் நிலக்கடலைக் காட்டுக்குப் போகும் ஒரு பெண் "க்ஷீணம் வரும், அதனால் அன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். எல்லைத் தமிழில் புழங்கும் மலையாளச் சொல் அது. நாங்கள் அதைச் "சோர்வு, பக்கவிளைவு" என்று குறித்துவிட்டுத் தாண்டியிருந்தோம். "அன்றைக்கு" என்ற சொல்லை யாரும் கவனிக்கவில்லை. 11ஆவதிலும் இதே செய்தி இருந்தது. இவ்வளவுக்கும் அவற்றை நாங்கள் இருமுறை படித்திருந்தோம்.

குறியீடுகள் தீர்ந்துபோவது வேறு, பொருள் தெளிவது வேறு என்று இந்தத் துறையில் சொல்வதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. "பக்கவிளைவு" என்ற பெயர் நான்காவது ஆளிடமே கிடைத்துவிட்டது. அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்பது பதினேழாவது ஆள்வரை தெரியவில்லை.

அதற்குப் பிறகு பதிவேட்டில் ஒரு பத்தி இருந்த இடத்தில் இரண்டு பத்திகள் போட்டோம். முதல் பத்தியில், இந்த நேர்காணலில் எத்தனை புதிய குறியீடுகள் வந்தன என்பது. இரண்டாவதில், இது நம் விளக்கத்தை மாற்றியதா என்பதற்கு ஆம் அல்லது இல்லை, கூடவே ஒரு வரி காரணம். அதிகபட்ச வேறுபாட்டு மாதிரிக்கு இரண்டாவது பத்திதான் உயிர். வேண்டுமென்றே வேறுபட்டவர்களைத் தேடிப் போகிறோம். ஒவ்வொருவரும் தமக்கே உரிய ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் செய்வார்கள். முதல் பத்தி சுழியம் ஆகும்வரை காத்திருந்தால் முடிவே வராது. சுழியமாக வந்துகொண்டே இருந்தால், ஒரே மாதிரி ஆட்களைச் சந்தித்துக்கொண்டிருக்கிறோமோ என்று சந்தேகப்பட வேண்டும். இத்தனை வேறுபாட்டுக்கும் ஊடாக எது மாறாமல் நிற்கிறது என்பதைத்தான் இந்த முறை தேடுகிறது. ஆகவே நிறுத்தும் சோதனையும் அதைப் பற்றியதாகவே இருக்க வேண்டும்.

18ஆவதாக வேண்டுமென்றே இன்னொரு கள் இறக்குபவரைத் தேடினோம், ஆனால் ஒரு நாள்கூட மாத்திரை தவறாதவராக. அவர் ஏறுவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிடுகிறார், மடியில் வெல்லம் வைத்திருக்கிறார். அவர் விளக்கத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்கினார்: ஏறும் வேலைக்கு முன் சாப்பிட வாய்ப்பு இருக்கிறதா என்பதே அடிப்படைக் கேள்வி என்று தெரிந்தது. இரண்டாவது பத்தியில் அதற்கும் "ஆம்" போட்டோம். வயல் கூலிக்குப் போகும் இன்னொரு பெண்ணுக்கும் "ஆம்", அவருக்குச் சாப்பாட்டு நேரத்தை முடிவு செய்பவர் வேறொருவர். பிறகு நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர், சொந்த நிலம் உள்ள விவசாயி, ஆலையில் இரவு முறை பார்ப்பவர் என்று ஒன்றோடொன்று ஒட்டாத மூவர். மூவரிடமும் ஓரிரு புதிய குறியீடுகள் கிடைத்தன, இரண்டாவது பத்தியில் மூன்றும் "இல்லை". அப்போதும் உடனே நிறுத்தவில்லை. எங்கள் விளக்கம் பொய்யாகக் கூடிய இடங்கள் எவை என்று கேட்டு இருவரைத் தேர்ந்தோம்: தனியாக வாழ்ந்து இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு மூதாட்டி, நோய் தெரிந்து ஓராண்டுகூட ஆகாத ஓர் இளைஞர். விளக்கம் நின்றது. 24இல் நிறுத்தினோம்.

மாதக்கணக்கில் திருப்பூருக்குப் போய்த் தங்கி வேலை செய்கிறவர்களை எங்களால் சந்திக்க முடியவில்லை. அவர்களைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லாது என்று அறிக்கையில் எழுதினோம். எட்ட முடியாத மூலையை மூடிவிட்டதாகக் காட்டிக்கொள்வதைவிட அதுதான் நேர்மை.

இப்போது உங்கள் 20க்கும் வழிகாட்டியின் 30க்கும் வருகிறேன். 12 பேர் போதும் என்றும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். அந்த எண் பெரும்பாலும் 2006இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களின் நேர்காணல்களைப் பகுத்து, பெரும்பாலான குறியீடுகள் முதல் 12க்குள் வந்துவிட்டன என்று கண்டார்கள். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது ஓரளவு ஒரே வகையான மக்களை, ஒரே மாதிரியான கேள்விகளோடு. நீங்கள் அதற்கு நேர்மாறான மாதிரியை வைத்திருக்கிறீர்கள்; அந்த எண்ணை இங்கே கொண்டுவர முடியாது. 2010இல் பிரான்சிஸும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த ஒழுங்கு உங்களுக்கு உதவும்: முதலில் பகுக்கப்போகும் குறைந்தபட்ச எண்ணை முன்கூட்டியே சொல்லுங்கள், அதன்பின் தொடர்ந்து இத்தனை நேர்காணல்களில் புதிய கருத்து வராவிட்டால் நிறுத்துவேன் என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் எடுத்துக்காட்டாக வைத்தவை 10உம் 3உம். அந்த மூவரும் மூன்று வெவ்வேறு மூலைகளிலிருந்து வர வேண்டும் என்ற நிபந்தனையை உங்கள் மாதிரிக்காக நான் சேர்ப்பேன்.

உங்கள் ஆய்வில் மூலைகள் எவை என்று நீங்கள்தான் அறிவீர்கள். வெளியிலிருந்து பார்க்கும் எனக்குச் சிலது தோன்றுகிறது. தறி ஓட்டும் கூலித் தொழிலாளியும் சொந்தத் தறி வைத்திருப்பவரும் சத்தத்தை ஒரே விதமாகப் பேச மாட்டார்கள். வீட்டுக்குள்ளேயே தறி இருப்பவருக்குச் சத்தம் தூக்கத்திலும் தொடர்கிறது. தார் சுற்றும் பெண்கள் தறிக்குப் பக்கத்திலேயே இருந்தும் "நெசவாளர்" பட்டியலில் விடுபட்டிருக்கலாம். காது மந்தத்தால் வேலையை விட்டுவிட்டவர்களைத் தறிக்கூடத்தில் போய்த் தேடினால் கிடைக்கவே மாட்டார்கள். உங்கள் கடைசி நான்கு பேரும் ஒரே கூடத்துக்காரர்கள் என்றால், 30ஐ எட்டினாலும் இந்த ஓட்டை அடைபடாது. அவர்கள் நான்கு திசையிலிருந்து வந்தவர்கள், உங்கள் விளக்கமும் அசையவில்லை என்றால், அதை உடைக்கக் கூடிய இருவரை மட்டும் தேடிப் பேசுங்கள்.

வழிகாட்டியிடம் போகும்போது எண்ணைப் பற்றி வாதாடாமல் இரண்டு தாள்களைக் கொண்டுபோங்கள். ஒன்றில் 20 பேரும் எந்த வகையில் விழுகிறார்கள், யார் அறிமுகம் செய்தார்கள் என்ற கட்டம். மற்றொன்றில் நான் சொன்ன இரண்டு பத்திப் பதிவேடு. இதுவரை எழுதவில்லை என்றால் எழுத்துப்படிகளிலிருந்து இப்போதும் வரிசைப்படி எழுதிவிடலாம், நான்கைந்து நாள் பிடிக்கும். நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கியபோது 20 என்று ஒரே எண்ணைக் கொடுத்திருந்தால், 21ஆவது ஆளிடம் போவதற்கு முன் திருத்தத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.