ஆசனமும் ஸ்குவாட்டும் கேமராவில் உள்ளபடி தெரிய: கேள்வி பதில்

கேமராவை எங்கே நிறுத்துவது என்ற கேள்விகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்றவற்றுக்குச் சுருக்கமாகவே பதில்.

அக்கா, திரிகோணாசனத்தை முன்னால் கேமரா வைத்து எடுத்து என் ஆசிரியைக்கு அனுப்பினேன். எனக்கு அழகாகத் தெரிகிறது. அவரோ "இடுப்பு பின்னால் போகிறது" என்கிறார். வீடியோவில் அப்படி எதுவும் தெரியவில்லையே?

தெரியாது. திரிகோணாசனத்தில் உடல் பக்கவாட்டில் சாய்கிறது. கேமரா உங்கள் மார்பைப் பார்த்து நின்றால் கால்களின் அகலமும் கை நீட்டமும் தெரியும். ஆனால் இந்த ஆசனத்தில் வழக்கமாக நடக்கும் பிழை வேறு திசையில் நடக்கிறது. பிட்டம் பின்னால் தள்ளி, அதை ஈடுகட்ட மார்பு முன்னால் விழுகிறது. கேமராவை நோக்கியோ அதைவிட்டு விலகியோ நடக்கும் அசைவு படத்தில் ஏறக்குறைய மறைந்துவிடும்.

அதனால் இரண்டாவது முறை எடுங்கள். கேமராவைப் பாயின் நீளவாக்கில், நீங்கள் சாயும் பக்கத்துக் கால் இருக்கும் முனைக்கு அப்பால், இடுப்பு உயரத்தில் வையுங்கள். இப்போது உங்கள் உச்சந்தலை கேமராவைப் பார்க்கும். ஆசனம் சரியாக இருந்தால் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிந்துகொள்ளும். ஆசிரியை சொன்ன பிழை இருந்தால், தலைக்கு ஒரு பக்கம் பிட்டம் தனியாக எட்டிப் பார்க்கும். தளர்ந்த சுடிதார் அணிந்தால் இது தெரியாது, ஒட்டிய உடை வேண்டும்.

என் அறை பத்துக்குப் பத்து. முழு உடலும் ஃப்ரேமில் வர 0.5x வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் அலுக்காது: உடல் நிலையைப் பார்க்க எடுக்கும் வீடியோவுக்கு 0.5x வேண்டவே வேண்டாம். அந்த லென்ஸில் ஓரத்துக்குப் போகும் கையும் காலும் இழுபட்டு நீளும். அதைவிட, அதை நம்பி போனை அருகிலேயே வைத்துவிடுவீர்கள். அப்போது முன்னால் இருக்கும் கால் பெரிதாகவும் பின்னால் இருக்கும் இடுப்பு சிறிதாகவும் தெரியும்.

1x-இல், போனைப் படுக்கைவாட்டில் பிடித்து, மூன்றரை மீட்டர் தள்ளி நின்றால் கை உயர்த்திய ஆளும் முழுப் பாயும் வந்துவிடும். அறையில் அந்தத் தூரம் இல்லையென்றால் கதவைத் திறந்து போனை ஹாலில் வையுங்கள். பாயைத் திருப்பினால் போதும், சுவரை இடிக்க வேண்டாம்.

எந்தப் போன் வாங்கினால் நன்றாக இருக்கும்?

கையில் இருப்பது போதும்.

ஜிம்மில் ஸ்குவாட் எடுக்கும்போது போனைத் தரையில் டம்பெல் மேல் சாய்த்து, முன்பக்கம் கோணலாக வைக்கிறேன். என் வீடியோவில் தொடை நன்றாகக் கீழே போகிறது. நண்பனோ பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு "பாதிதான் போகிறாய்" என்கிறான். வீடியோ பொய் சொல்லுமா?

உங்கள் வீடியோ சொல்கிறது. நண்பர் பக்கம்தான் நியாயம்.

பவர்லிஃப்டிங்கில் இடுப்பு மடியும் இடத்தில் தொடையின் மேற்பரப்பு முழங்காலின் மேற்பகுதியைவிடக் கீழே இறங்க வேண்டும். ஆக, ஒப்பிட வேண்டியது இடுப்பின் உயரத்தையும் முழங்காலின் உயரத்தையும். முன்பக்கக் கோணலில் கேமராவுக்கு முழங்கால் அருகில், இடுப்பு தூரத்தில். முழங்கால் இரண்டு மீட்டரில் என்றால், இடுப்பு சுமார் முப்பது சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். இரண்டும் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில், சரியாக ஒரே மட்டத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லென்ஸ் தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டரில். லென்ஸுக்கு மேலே இருக்கும் பொருள் தூரம் போகப் போகப் படத்தில் கீழே இறங்கும். இந்தக் கணக்கில் இடுப்பு முழங்காலைவிட ஐந்து சென்டிமீட்டர் கீழே இருப்பதுபோல் தெரியும். இறங்காத ஆழம் படத்தில் கிடைத்துவிடுகிறது.

போனை மார்பு உயரத்தில் வைத்தால் நேர் எதிர். நன்றாக இறங்கியவரும் பாதியில் நின்றதாகத் தெரிவார்.

ஆகவே நேர் பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில் வையுங்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை ஏறக்குறைய அந்த உயரம்தான்.

இதை ஏற்க முடியவில்லை. பயிற்சியாளர்கள் பலரும் 45 டிகிரியில்தானே எடுக்கிறார்கள்? பக்கவாட்டில் முழங்கால் உள்ளே மடங்குவது தெரியாது. கோணலில் இரண்டும் தெரியும்.

பக்கவாட்டில் அது தெரியாது என்பது சரி. பிறருக்குச் செய்து காட்டும் வீடியோவுக்குக் கோணல் நல்ல இடம் என்பதும் சரி, உடல் தட்டையாகத் தெரியாது. ஆனால் சோதனைக்கு அது உதவாது. 45 டிகிரியில், முழங்கால் முன்னால் போவதும் உள்ளே மடங்குவதும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரு காலில் இரண்டும் சேர்ந்து பெரிதாகத் தெரியும், மறு காலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பார்ப்பவர் ஒரு காலில் மட்டும் பிழை என்று முடிவு கட்டுவார். முழங்கால் மடங்குவதைப் பார்க்க நேர் முன்னால் ஒரு முறை எடுங்கள். ஆழத்துக்குப் பக்கவாட்டில் இன்னொரு முறை.

நான் ரேக்குக்குள் ஸ்குவாட் செய்கிறேன். நேர் பக்கத்தில் வைத்தால் கம்பம் இடுப்பை மறைக்கிறது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இது நல்ல தடங்கல். கம்பம் விலகும்வரை கேமராவைச் சற்றே பின்பக்கமாக நகர்த்துங்கள். லென்ஸ் முழங்கால் உயரத்திலேயே இருக்கட்டும். லென்ஸின் உயரத்தில் இருக்கும் பொருள், அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், படத்தில் அதே மட்டத்தில்தான் விழும். அதனால் சிறு கோணல் ஆழத்தைக் கெடுக்காது. முதுகின் சாய்வை மட்டும் இந்த வீடியோவிலிருந்து அளக்காதீர்கள்.

எனக்கு ஸ்குவாட் செய்தால் இடது முழங்கால் வலிக்கிறது. வீடியோ அனுப்பினால் காரணம் சொல்வீர்களா?

மாட்டேன். பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்த இரண்டு வீடியோக்களையும் கொண்டு போங்கள்.

எந்தப் போன், எந்த டிரைபாட்?

போனுக்கு மேலே பதில் இருக்கிறது. டிரைபாட் எதுவானாலும் சரி, முழங்கால் உயரத்துக்கு இறங்க வேண்டும். தரையில் மட்டும் சாய்க்காதீர்கள்.

வகுப்புக்கு வீடியோ எடுக்கிறேன். "வலது கால்" என்று சொன்னால் மாணவர்கள் குழம்புகிறார்கள்.

செல்ஃபி கேமராவில் எடுத்திருப்பீர்கள். சட்டையில் உள்ள எழுத்து இடம் வலம் மாறித் தெரிகிறதா பாருங்கள். ஐபோனில் கேமரா அமைப்புகளில் `Mirror Front Camera` என்பதை அணையுங்கள், அல்லது பின்பக்கக் கேமராவில் எடுங்கள். சில ஆசிரியர்கள் மாணவருக்குக் கண்ணாடிபோல் இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே மாற்றி வைப்பார்கள். அப்படியென்றால் வாய் சொல்லும் பக்கத்தை மாற்ற வேண்டாம், கண்ணாடியைப் பார்ப்பதுபோல் செய்யச் சொன்னால் போதும்.

மீண்டும் 45 டிகிரிக்காரன்தான். கால்களை மிக அகலமாக வைத்து, முழங்கால்களை வெளிப்பக்கம் திறந்து செய்யும் ஸ்குவாட்டில் உங்கள் பக்கவாட்டு விதி என்ன ஆகும்?

தளர்ந்துபோகும். அங்கே தொடை கேமராவை நோக்கியே நீள்கிறது, பக்கத்திலிருந்து பார்த்தால் குட்டையாகத் தெரியும். தொடையின் சாய்வை அந்தப் படத்திலிருந்து படிக்க முடியாது. அந்த வகைக்கு ஒரே ஓர் இடம் என்று எதுவும் இல்லை. முழங்கால் உயரம் மட்டும் அங்கும் பொருந்தும், ஆழம் அதில் தெரிந்துவிடும். முழங்கால் பாதத்தின் திசையிலேயே போகிறதா என்பதற்கு, ஒரு பாதத்தின் விரல்கள் காட்டும் திசைக்கு நேர் எதிரே கேமராவை வைக்கிறேன். ஒரு வீடியோவில் ஒரு கால்தான் கிடைக்கும். இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு இன்னொன்று எடுக்க வேண்டியிருக்கும்.