பதிவாளருக்கு எழுதும் டிரான்ஸ்கிரிப்ட் கடிதம்: கேள்வி பதில்

ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவேட்டுப் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். வெளிநாட்டுப் பட்டத்தை எடைபோடும் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு, பாடவாரி மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டை அனுப்பச் சொல்லும் கடிதங்கள் வந்து விழும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். கடிதத்தைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

“என் டிரான்ஸ்கிரிப்டை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி வையுங்கள்” என்று ஒரு வரி எழுதினால் போதாதா? நீட்டி முழக்க வேண்டுமா?

நீட்ட வேண்டாம். ஆனால் ஒரு வரியை வைத்துக்கொண்டு குமாஸ்தாவால் எதுவும் செய்ய முடியாது. யாருடைய பதிவு, யாருக்குப் போக வேண்டும், கொடுக்க அனுமதி இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கடிதம் ஓரமாகப் போய்விடும். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அமெரிக்காவில் 1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி, மாணவரின் பதிவை வெளியாருக்குக் கொடுக்க அவர் கையெழுத்தும் தேதியும் போட்ட சம்மதம் பொதுவாக வேண்டும். எந்தப் பதிவு, எதற்காக, யாருக்கு என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்தச் சட்டம் இல்லாத இடத்திலும் இப்படி எழுதிவிட்டால் யாரும் தடை சொல்ல இடமில்லை.

நான் பார்த்த ஒரு கேஸ் சொல்கிறேன். வேதியியல் படித்த ஒரு பெண். சேரும்போது ஒரு பெயர், திருமணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் வேறு பெயர். மதிப்பீட்டுக்குப் பதிந்தது பாஸ்போர்ட் பெயரில். கடிதத்தில் பழைய பெயரை மட்டும் எழுதியிருந்தார், ரெஃபரன்ஸ் எண்ணும் இல்லை. நாங்கள் முறையாக சீல் வைத்து அனுப்பிவிட்டோம். கூரியர் “சேர்ந்தது” என்கிறது, நிறுவனம் “வரவில்லை” என்கிறது. ஆறு வாரம் இப்படியே ஓடியது. கவர் அங்கேதான் இருந்தது, யாருடைய கோப்பில் சேர்ப்பது என்று தெரியாமல். அவர் எழுதியிருக்க வேண்டியது இப்படி:

*பொருள்: டிரான்ஸ்கிரிப்டை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பக் கோருதல்*

*ஐயா / அம்மையீர், நான் தங்கள் பல்கலைக்கழகத்தில் 2009 முதல் 2012 வரை இளநிலை வேதியியல் படித்தேன். பதிவெண்: ____. சேர்ந்தபோது என் பெயர் ____. இப்போது பாஸ்போர்ட்டில் ____. பெயர் மாற்றத்துக்கான சான்றின் நகலை இணைத்துள்ளேன்.*

*எல்லாப் பருவங்களின் மதிப்பெண்களும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்டை உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய மடிப்பின் மேல் முத்திரையும் கையொப்பமும் இட்டு, கீழே உள்ள முகவரிக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்தே அனுப்ப வேண்டுகிறேன். உறையின் மேல் என் ரெஃபரன்ஸ் எண் ____ இருக்க வேண்டும். கல்வித்தகுதி மதிப்பீட்டுக்காக இந்தப் பதிவுகளை அந்த நிறுவனத்துக்கு அளிக்கச் சம்மதிக்கிறேன்.*

கீழே நிறுவனத்தின் முகவரி, உங்கள் கையெழுத்து, தேதி, மின்னஞ்சல், கட்டணம் கட்டிய ரசீதின் நகல். உங்கள் பல்கலைக்கழகம் எந்த மொழியில் கடிதம் வாங்குமோ அந்த மொழியில் எழுதுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

ரெஃபரன்ஸ் எண் எங்கே கிடைக்கும்? பல்கலைக்கழகம் கொடுக்குமா?

இல்லை. மதிப்பீட்டு நிறுவனத்தில் விண்ணப்பித்ததும் அவர்கள் கொடுப்பார்கள். அதனால் முதலில் அங்கே பதிவு, அப்புறம்தான் பதிவாளருக்குக் கடிதம். டபிள்யூ.இ.எஸ் மாதிரி சில நிறுவனங்களுக்குச் சொந்தப் படிவமே உண்டு. இருந்தால் உங்கள் பகுதியை நிரப்பிக் கடிதத்தோடு வையுங்கள். மீதியை அலுவலகம் நிரப்பிக் கவருக்குள் போடும்.

பட்டச் சான்றிதழ் கையில் இருக்கிறது. ஸ்கேன் செய்து அனுப்பினால் ஆகாதா?

நீங்கள் தேறியதைச் சான்றிதழ் சொல்லும். எந்தப் பாடம், எத்தனை மதிப்பெண் என்பதை டிரான்ஸ்கிரிப்ட்தான் சொல்லும். சான்றிதழின் நகலையும் சேர்த்துக் கேட்பார்கள், ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது.

நேரடியாக அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் சும்மா. என் நண்பன் சீல் வைத்த கவரைக் கையில் வாங்கி அவனே கூரியரில் போட்டான். ஏற்றுக்கொண்டார்கள்.

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. பிரிக்காத கவரை மாணவர் அனுப்பினால் ஏற்கும் நிறுவனங்கள் உண்டு. அனுப்புநர் முகவரியில் பல்கலைக்கழகம் இருந்தால்தான் தொடுவோம் என்பவர்களும் உண்டு. உங்கள் நிறுவனம், உங்கள் நாட்டுப் பட்டத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே நிறுவனம் ஒரு நாட்டுக்கு ஒரு விதியும் இன்னொரு நாட்டுக்கு வேறு விதியும் வைத்திருக்கும்.

அதே ஆள்தான். சீல்தானே முக்கியம்? யார் தபாலில் போட்டால் என்ன?

சீலைப் போலி செய்யலாம் ஐயா. அதனால்தான் அந்தக் கவர் உங்கள் கை வழியே போகக் கூடாது என்கிறார்கள்.

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறேன். நாங்கள் வெளிநாட்டுக்குத் தபால் அனுப்புவதே இல்லை, கவரை மாணவரிடம்தான் கொடுப்போம். அப்போது அவர் என்ன செய்வார்?

நியாயமான கேள்வி. “எங்கள் அலுவலகம் நேரடியாக அனுப்புவதில்லை” என்று உங்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். மாணவர் அதை நிறுவனத்துக்குக் காட்டி முன்கூட்டியே கேட்கட்டும். சிலர் விதிவிலக்கு தருவார்கள், சிலர் தர மாட்டார்கள்.

கூரியர் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிய கவரை நானே அலுவலகத்தில் கொடுத்து, அவர்கள் கையால் கூரியரிடம் ஒப்படைத்தால்?

அருமையான வழி. அனுப்புநர் இடத்தில் பதிவாளர் அலுவலகத்தின் பெயர் இருக்கட்டும், உங்கள் பெயர் வேண்டாம். டிராக்கிங் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் என் நண்பன் செய்ததும் சரிதானே?

அவர் அனுப்பிய நிறுவனத்துக்குச் சரி. இதோடு விடுங்கள்.

பி.டி.எஃப் ஆக மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லலாமா?

நிறுவனம் ஏற்றால் சொல்லலாம். பதிவாளரின் அலுவல் முகவரியிலிருந்து நேராகப் போக வேண்டும். உங்களுக்கு வந்ததை நீங்கள் ஃபார்வர்ட் செய்தால் அது வெறும் நகல்.

கவர் தவறுதலாக என் வீட்டுக்கே வந்துவிட்டது. உள்ளே எல்லாம் சரியா என்று பிரித்துப் பார்க்கலாமா?

பிரிக்காதீர்கள். பிரித்தால் அது அதிகாரப்பூர்வ டிரான்ஸ்கிரிப்டாக இருக்காது, மறுபடி கட்டணம் கட்ட வேண்டியதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும் என்றால் மாணவர் பிரதி ஒன்றைத் தனியாகக் கேளுங்கள்.

விசாவுக்கு அட்டெஸ்டேஷன் எங்கே வாங்குவது?

அது வேறு வேலை. வேறு ஆளைக் கேளுங்கள்.

ஓரத்தை மட்டும் மெதுவாகப் பிரித்து, திரும்ப ஒட்டினால்?

மேலே சொன்ன பதிலைத் திரும்பப் படியுங்கள்.

எத்தனை நாள் ஆகும்?

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். தேர்வு முடிவு வரும் சமயத்திலும் பட்டமளிப்பு நெருங்கும்போதும் இழுக்கும். தினமும் போன் செய்யாமல், கடிதம் சேர்ந்த தேதியையும் பதிவெண்ணையும் சொல்லி வாரம் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். “அனுப்பிவிட்டோம்” என்றால் எந்தத் தேதி, எந்த டிராக்கிங் எண் என்று எழுத்தில் வாங்குங்கள். நான் சொன்ன கேஸில் அந்த எண்ணையும் இரண்டு பெயர்களையும் கொடுத்த பிறகுதான் கவர் அகப்பட்டது.

நான் படித்த கல்லூரியையே மூடிவிட்டார்கள். யாருக்கு எழுதுவது?

பட்டம் கொடுத்தது யார் என்று சான்றிதழைப் பாருங்கள். பல்கலைக்கழகம் என்றால் அதன் பதிவாளருக்கே எழுதுங்கள், கல்லூரியின் பழைய பெயரையும் படித்த வருடங்களையும் சேர்த்து. கல்லூரியே பட்டம் கொடுத்திருந்தால் அதன் பதிவேடுகளை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று அந்நாட்டு உயர்கல்வித் துறையில் விசாரிக்க வேண்டும். பதில் வந்ததும், கவர் வேறு அலுவலகத்தின் பெயரில் வரப்போகிறது என்று மதிப்பீட்டு நிறுவனத்துக்கு ரெஃபரன்ஸ் எண் போட்டு எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கவரும் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும்.