கட்டுமானத் தளத்திலிருந்து வரும் படத்தில் கம்பி முத்திரையையும் சிமெண்ட் மூட்டை அச்சையும் படிப்பது எப்படி?

கேள்வி: "துபாயில் வேலை செய்கிறேன். ஊரில் வீட்டு வேலை நடக்கிறது. மேஸ்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவை வைத்து கம்பியும் சிமெண்டும் ஒரிஜினலா என்று கண்டுபிடிக்க முடியுமா?"

ஓரளவுக்கு முடியும். ஆனால் வழக்கமாக வரும் படங்களை வைத்து முடியாது. கம்பிக் கட்டுகளைத் தூரத்திலிருந்து எடுத்த ஒரு படமும், நிறுவனத்தின் பெயர் பெரிதாகத் தெரியும்படி எடுத்த மூட்டைப் படமும் வந்தால் அவற்றில் முடிவெடுக்கத் தக்கது எதுவும் இல்லை. திருச்சி மாவட்டத்தில் கட்டுமானப் பொறியாளராக இருக்கிறேன். நானே தளத்தில் நிற்காத நாள்களில் இந்தப் படங்களை நம்பித்தான் கம்பி கட்ட அனுமதி கொடுக்கிறேன் என்பதால், என்னென்ன கேட்டு வாங்குகிறேன் என்பதை எழுதுகிறேன்.

முதலில் கம்பி. முறுக்குக் கம்பியின் மேல் இருக்கும் நிறுவனப் பெயர் பின்னால் அடித்த முத்திரை அல்ல. ஆலையின் கடைசி உருளையில் எழுத்துகளைக் குழியாக வெட்டி வைத்திருப்பார்கள். செக்கச்செவேலெனக் காய்ந்த கம்பி அதனுள் நசுங்கி வெளியேறும்போது அந்த எழுத்துகள் கம்பியின் மேல் புடைப்பாக எழும்பும். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகும். எழுத்து புடைத்திருக்க வேண்டும், பள்ளமாக இருந்தால் அது யாரோ குளிர்ந்த கம்பியில் அடித்தது. அடுத்து, உருளை ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் அதே எழுத்து மறுபடி விழுவதால், கம்பி நெடுகிலும் ஏறத்தாழ ஒரே இடைவெளியில், பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள், அது திரும்பத் திரும்ப வர வேண்டும். உருளை தேயத் தேய எழுத்து சற்று மங்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

இதைப் படம் எடுக்கும் முறை முக்கியமானது. உச்சி வெயிலிலும் பிளாஷ் வெளிச்சத்திலும் புடைப்பு தட்டையாகிவிடும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது, கம்பியைத் துணியால் துடைத்து, சாக்பீஸைப் படுக்கவைத்து எழுத்தின் மேல் தேய்க்கச் சொல்லுங்கள். எழுத்தின் மேடு வெள்ளையாகி, பள்ளம் கறுப்பாகவே நிற்கும். பக்கத்தில் அளவு டேப்பை விரித்து வைத்து, அடுத்தடுத்த இரண்டு முத்திரைகளும் ஒரே படத்தில் வரும்படி ஒன்றும், ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரியும்படி கிட்டத்தில் ஒன்றும் எடுக்கச் சொல்லுங்கள். கட்டில் தொங்கும் அட்டையையும் தனியே எடுக்க வேண்டும். அதில் கம்பியின் தரம் (வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் Fe 500D), விட்டம், வார்ப்பு எண், ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண் ஆகியவை இருக்கும். அந்த எண்ணை BIS Care செயலியில் நீங்கள் துபாயில் இருந்தே தட்டிப் பார்க்கலாம். உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இப்போது செல்லுபடியாகிறதா என்று காட்டும். முறுக்குக் கம்பிக்கான தர எண் ஐ.எஸ். 1786.

முசிறிப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தூண்களுக்கு 12 மி.மீ. கம்பி இறங்கியது. முதலில் வந்த படத்தில் நன்கு அறிமுகமான ஒரு பெயர்தான் தெரிந்தது. சாக்பீஸ் தேய்த்துக் கிட்டத்தில் எடுத்த படம் வந்தபோதுதான் அந்தப் பெயரின் கடைசி எழுத்து வேறு என்பது புரிந்தது. எழுத்து புடைப்பாகத்தான் இருந்தது, இடைவெளியும் சீராகவே இருந்தது. ஆகவே அது ஆலையிலேயே உருளையில் வெட்டிய பெயர், ஆனால் நாங்கள் கேட்ட ஆலையின் பெயர் அல்ல. அட்டையில் இருந்த உரிம எண்ணைச் செயலியில் இட்டால் வந்த நிறுவனத்தின் பெயரும் பில்லில் இருந்த பெயரும் பொருந்தவில்லை.

அதோடு நிறுத்தாமல், மூன்று கம்பிகளிலிருந்து சரியாக ஒரு மீட்டர் துண்டு வெட்டி, மளிகைக்கடைத் தராசில் வைத்துப் படம் அனுப்பச் சொன்னேன். ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது d²/162 என்ற கணக்கில் வந்துவிடும், d என்பது மி.மீ.-இல் விட்டம். 12 மி.மீ. கம்பிக்கு அது 0.888 கிலோ, அதாவது 888 கிராம். இந்த விட்டத்தில் ஒற்றைத் துண்டு 6 சதவீதம் வரை குறையலாம் என்று தர விதி இடம் தருகிறது. அதன்படி 835 கிராமுக்குக் கீழே போகக் கூடாது. எங்களுக்கு வந்தவை 815, 809, 812. சராசரியில் ஏறத்தாழ எட்டரை சதவீதம் குறைவு; உண்மையில் அது 11.5 மி.மீ. கம்பி. வெர்னியர் வைத்து அளந்திருந்தால் வரிகளின் மேல் பட்டு 12 என்றே காட்டியிருக்கும்.

கடைக்காரர், "எடை போட்டுத்தானே சார் விற்கிறோம், உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார். பணத்தில் நஷ்டம் இல்லை என்பது சரிதான், டன்னுக்கு எட்டு ஒன்பது கம்பி கூடுதலாகவே கிடைக்கும். ஆனால் வரைபடத்தில் தூணுக்கு ஆறு கம்பி என்றால் மேஸ்திரி ஆறுதான் கட்டுவார். அந்தத் தூணில் எட்டரை சதவீத இரும்பு குறைந்தே போகும். கம்பி கட்டுவதற்கு முன்பே படங்கள் வந்திருந்ததால், முழு லோடையும் திருப்பி அனுப்ப முடிந்தது.

சிமெண்ட் மூட்டையில் நிலைமை தலைகீழ். பெரிய எழுத்தில் இருக்கும் பெயரும் சின்னமும் பை செய்யும் இடத்திலேயே அச்சானவை. காலிப் பையைச் சேகரித்து மறுபடி நிரப்பினாலும் அவை அசலாகவே இருக்கும். சிமெண்ட் அடைக்கும்போது கடைசியாக விழும் அச்சுதான் நமக்கு வேண்டியது: வாரம், மாதம், ஆண்டு, தொகுதி எண். பெரும்பாலும் அது புள்ளிபுள்ளியாக, சற்றுக் கோணலாகவே விழுந்திருக்கும். அந்தக் கோணல் குற்றமல்ல.

ஒரு மூட்டையை மட்டும் எடுத்த படம் உதவாது. இறக்கும்போதே ஒவ்வொரு மூட்டையின் வார அச்சையும் எடுக்கச் சொல்லுங்கள். ஆலையிலிருந்து ஒன்றாகக் கிளம்பிய லோடில் வாரம் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ இருக்கும். ஐந்தாறு மாத இடைவெளியில் நான்கைந்து வாரங்கள் கலந்து கிடந்தால், ஒன்று கடையில் தேங்கிய மிச்சம் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது பழைய பைகள் நிரம்பி வந்திருக்க வேண்டும். இரண்டுமே வேண்டாம், மூன்று மாதம் தாண்டிய சிமெண்டைச் சோதித்துப் பார்க்காமல் தூணுக்கும் கூரைத் தளத்துக்கும் நான் அனுமதிப்பதில்லை.

அடுத்து மூட்டையின் மூலை. ஆலையில் சிமெண்ட் ஒரு மூலையில் உள்ள வால்வு வழியாக உள்ளே போகும். நிரம்பியதும் உள்ளிருக்கும் சிமெண்டே அழுத்தி அதை மூடிவிடும், அதைத் தைப்பதில்லை. அந்த வாயில் கைத்தையலோ, ஒட்டுநாடாவோ, வேறு நிற நூலோ தெரிந்தால் மூட்டையை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். நான்கு மூலைகளையும் படம் எடுப்பது சில நிமிட வேலைதான். பையில் அச்சாகியிருக்கும் CM/L எண்ணையும் அதே செயலியில் பாருங்கள். இன்னொன்று: சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்குத் தர விதியில் 43, 53 என்ற கிரேடு கிடையாது, அவை சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டான ஓ.பி.சி.க்கு மட்டுமே உரியவை. "53 கிரேடு பி.பி.சி." என்று பையில் அச்சாகியிருந்தால் கடைக்காரரிடம் விளக்கம் கேளுங்கள்.

படம் உங்கள் தளத்தில் எடுத்ததுதானா என்ற சந்தேகத்துக்கும் இடம் வைக்க வேண்டாம். அன்றைய தேதியும் லாரி எண்ணும் எழுதிய தாளைப் பிடித்தபடி, லாரியிலிருந்து தொடங்கி, அட்டை, முத்திரை, மூட்டைகள் என்று நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேஸ்திரி மனம் கோணாதபடி, வேலை தொடங்கும் முன்பே இதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக்கொள்வது நல்லது.

இத்தனை பார்த்தாலும் கம்பி எவ்வளவு இழுவை தாங்கும், முறியும் முன் எவ்வளவு நீளும் என்பது படத்தில் தெரியாது. Fe 500D கம்பி குறைந்தது 16 சதவீதம் நீள வேண்டும். அதைச் சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் இந்தச் சோதனை நடக்கிறதா என்று விசாரித்து, அஸ்திவாரத்துக்கு முதல் லோடு இறங்கியதும் ஒவ்வொரு விட்டத்திலும் துண்டுகள் வெட்டி அனுப்புங்கள். முடிவு வரும் வரை கான்கிரீட் போட வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்.