காரின் சீட் மெமரியில் சேமித்தும் பக்கத்தில் வரும் பைக் தெரியவில்லையா?

"மெமரி பட்டன் 1 அழுத்தினால் சீட், கண்ணாடி எல்லாம் சரியாக வருகிறது, ஆனால் பக்கத்தில் வரும் பைக் மட்டும் தெரிவதில்லை."

சேமித்த கண்ணாடிக் கோணமே தவறாக இருக்கலாம். முதலில் சீட்: முதுகு ஒட்டியிருக்க, பிரேக்கை முழுதாக மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியிருக்கட்டும். கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படவேண்டும். அப்புறம்தான் கண்ணாடி, ஏனென்றால் சீட் நகர்ந்தால் கோணமும் போச்சு. ஓட்டுநர் பக்க ஜன்னலில் தலையை ஒட்டிக்கொண்டு, உங்கள் கார் லேசாகத் தெரியும்வரை கண்ணாடியை வெளியே திருப்புங்கள். மறுபக்கத்துக்கு காரின் நடுவுக்குச் சாய்ந்து அதேபோல். நேராக உட்கார்ந்ததும் உங்கள் கார் தெரியாது, அதுதான் சரி. முந்தும் வண்டி உள்கண்ணாடியிலிருந்து மறையும் முன்பே பக்கக் கண்ணாடியில் வரவேண்டும். வந்தால் SET பட்டனை அழுத்தி, உடனே 1 அழுத்துங்கள். கையால் நகர்த்தும் ஸ்டீயரிங் மெமரியில் பதியாது. லேன் மாறும்போது தோளுக்கு மேல் ஒரு பார்வை அப்போதும் வேண்டும்.